மைக்கில் கேட்காத நான்கு வரிகள்

கேள்வி: ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் புதுநகரம் பக்கம் ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. நான் பட்டாம்பியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பக்கத்துப் பள்ளிவாசலில் முக்ரி காய்ச்சலில் படுத்துவிட்டதால் சுப்ஹுக்கு என்னைப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். மூன்றாம் நாள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "நாலு வரியை விழுங்கிவிட்டாய், இந்தப் பாங்கு சேராது, திரும்பச் சொல்லு" என்றார். இகாமத் சொன்னால், "இது என்ன இன்னொரு பாங்கா?" என்கிறார். திரும்பச் சொல்லிவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை. நான் சொன்னது செல்லுமா? நபி ஒருவர்தானே, பாங்கு எப்படி இரண்டாச்சு?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி.

மூன்று நாளும் நீங்கள் சொன்ன பாங்கு செல்லும். இகாமத்தும் செல்லும். நம் ஹனஃபி மத்ஹபில் மட்டும் இல்லை, அந்தப் பெரியவர் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபிலும் செல்லும். திரும்பச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனால் பெரியவர் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. அவர் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நான்கு வரி குறைந்தது உண்மை.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நாம் சொல்கிற பாங்கில் ஆரம்பத்தில் அல்லாஹு அக்பர் நான்கு. அஷ்ஹது அல்லா இலாஹ இல்லல்லாஹ் இரண்டு, அஷ்ஹது அன்ன முஹம்மதர் ரசூலுல்லாஹ் இரண்டு. ஹய்ய அலஸ் ஸலாஹ் இரண்டு, ஹய்ய அலல் ஃபலாஹ் இரண்டு. மறுபடி அல்லாஹு அக்பர் இரண்டு, கடைசியில் லா இலாஹ இல்லல்லாஹ் ஒன்று. மொத்தம் 15. ஷாஃபி பாங்கில் இந்தப் பதினைந்தும் அப்படியே இருக்கும். கூடுதலாக ஒன்றுதான். நான்கு தக்பீர் முடிந்ததும், சத்தமாக ஷஹாதத் சொல்வதற்கு முன்னால், அந்த இரண்டு ஷஹாதத்தையும் இரண்டிரண்டு தடவை மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் முதலிலிருந்து திரும்பி வந்து சத்தமாகச் சொல்வார்கள். அந்தத் திரும்பி வருதலுக்குத்தான் தர்ஜீஉ என்று பெயர். 15 உடன் நான்கு சேர்த்தால் 19.

"மெதுவாக" என்பதற்கும் ஒரு அளவு உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவு. அதனால்தான் முன் வரிசையில் இருந்தவர் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார். தெருவில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. முக்ரி தேறி வந்த பிறகு ஒரு நாள் பள்ளிக்கு வெளியே ரோட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். நான்கு தக்பீர் வரும். அப்புறம் சில நொடி ஒலிபெருக்கியில் ஒன்றும் வராது, அல்லது தூரத்தில் யாரோ பேசுவது போல ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வரும். அதற்குப் பிறகுதான் உரத்த ஷஹாதத். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் முக்ரி மைக்கை விட்டு முகத்தைக் கொஞ்சம் விலக்கி அந்த நான்கு வரியையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதுநகரத்துப் பள்ளிகளில் அந்த இடைவெளி இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது எந்த மத்ஹப் பள்ளி என்று அந்த இடைவெளியே சொல்லிவிடும்.

இப்போது செல்லுமா என்ற கேள்விக்கு ஆதாரம். இதற்காக நீங்கள் ஹனஃபி கிதாபைத் தேடிப் போக வேண்டாம். பட்டாம்பிக்குக் கீழே அதே பாரதப்புழை கடலில் சேருகிற இடம்தான் பொன்னானி. அங்கே இருந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ஃபத்ஹுல் முஈன் என்ற ஷாஃபி சட்ட நூலைத்தான் கேரளத்து தர்ஸ்களில் தலைமுறை தலைமுறையாக ஓதுகிறார்கள். அதில் பாங்கின் பாடத்தில், தர்ஜீஉ சுன்னத் என்று சொல்லிவிட்டு, அது இல்லாமலும் பாங்கு சேரும் என்று அடுத்த சொல்லிலேயே இருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் மத்ஹபின் சரியான சொல் இதுவே என்று எழுதியிருக்கிறார். இது பாங்கின் ஃபர்ளான பகுதி, விட்டால் சேராது என்று ஒரு பழைய கருத்தும் ஷாஃபி அறிஞர்களிடையே இருந்தது. பெரியவர் யாரிடமாவது அதைக் கேட்டிருக்கலாம். மத்ஹபில் அது நிற்கவில்லை. அந்தப் பள்ளி உஸ்தாதிடம் நீங்கள் தனியாக, அமைதியாகக் கேட்டால் அவரே இதைச் சொல்வார். பெரியவரிடம் நீங்கள் போய் விவாதிக்காதீர்கள். உஸ்தாத் வாயால் வந்தால் அவருக்கும் சங்கடம் இருக்காது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நபி (ஸல்) ஒருவர்தான். ஆனால் பாங்கு கற்றுக்கொடுக்கப்பட்ட நாள்கள் இரண்டு. ஊரும் இரண்டு, கற்றுக்கொண்ட ஆளும் இரண்டு பேர். அதைப் புரிந்துகொண்டால் எல்லாம் புரிந்துவிடும்.

முதல் நாள் மதீனாவில், ஹிஜ்ரத் முடிந்து அதிக காலம் ஆகாத நேரம். மக்காவில் இருந்தவரை பாங்கு கிடையாது. மதீனாவுக்கு வந்த புதிதிலும் மக்கள் நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணித்துத்தான் கூடினார்கள். கூட்டம் பெருகியதும் என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. யூதர்களைப் போலக் கொம்பு ஊதலாம் என்றார்கள். கிறிஸ்தவர்களைப் போல நாகூஸ் அடிக்கலாம் என்றார்கள். நாகூஸ் என்றால் நம் மொழிபெயர்ப்புகளில் மணி என்று போட்டிருக்கும். அது நீளமான மரப்பலகை, இன்னொரு மரத்துண்டால் அதைத் தட்டுவார்கள். கூட்டத்தில் உமர் (ரலி), "தொழுகைக்கு அழைக்க ஒரு ஆளை அனுப்பலாமே" என்று சொன்னதும், நபி (ஸல்) பிலாலை எழுந்து அழைக்கச் சொன்னதும் புகாரியில் இருக்கிறது.

வாசகம் வந்தது அப்துல்லாஹ் இப்னு ஜைத் (ரலி) கண்ட கனவில். அபூதாவூதில் அவரே சொல்வதாக வருகிறது. ஒருவர் கையில் நாகூஸோடு போகிறார். "இதை விற்பீரா?" என்று இவர் கேட்கிறார். "எதற்கு?" "தொழுகைக்கு அழைக்க." "அதைவிட நல்லதைச் சொல்லட்டுமா?" என்று அந்த ஆள் பாங்கின் சொற்களைச் சொல்கிறார். கொஞ்சம் விலகி நின்று இகாமத்தையும் சொல்கிறார். விடிந்ததும் இவர் ஓடிப்போய்ச் சொன்னபோது நபி (ஸல்), "இது உண்மையான கனவு. பிலாலோடு நின்று சொல்லிக்கொடும், உம்மைவிட அவருக்குக் குரல் நல்ல குரல்" என்றார்கள். இவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுக்க, பிலால் உரக்கச் சொல்ல, வீட்டிலிருந்த உமர் (ரலி) மேலாடை தரையில் இழுபட ஓடிவந்து, "நானும் இதையேதான் கண்டேன்" என்றார். அப்போது மினாரா எதுவும் இல்லை. பள்ளிக்குப் பக்கத்தில் பனூ நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவரின் வீடுதான் அங்கே உயரமான வீடு. பிலால் (ரலி) சுப்ஹு நேரத்தில் அதன் மேலே ஏறி உட்கார்ந்து, கிழக்கு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாங்கு சொல்வார். அந்தப் பாங்கில் வரிகள் 15. மெதுவாகச் சொல்லித் திரும்பி வருவது அதில் இல்லை.

இரண்டாவது நாள் ஹிஜ்ரி 8, அதாவது கி.பி. 630. மக்கா வெற்றி முடிந்து, ஹுனைன் போரும் முடிந்து நபி (ஸல்) திரும்புகிற வழி. மக்காக் குரைஷி வாலிபர்கள் சிலர் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். இன்னும் இஸ்லாத்துக்கு வராதவர்கள். படையில் பாங்கு சொன்ன சத்தம் கேட்டதும், கேலி செய்து அவர்களும் அதே போலக் கத்தினார்கள். நபி (ஸல்) அவர்களை அழைத்துவரச் சொல்லி, "உங்களில் உரத்த குரல் யாருடையது?" என்று கேட்டார்கள். எல்லாரும் ஒரு வாலிபரைக் கைகாட்டினார்கள். அவர்தான் அபூ மஹ்தூரா (ரலி). மற்றவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் நிறுத்தி, "எழுந்து பாங்கு சொல்" என்றார்கள். அந்த நேரத்தில் எனக்கு நபியைவிடவும் அவர் சொல்லச் சொன்னதைவிடவும் வெறுப்பானது எதுவும் இருக்கவில்லை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதை மறைக்காமல் சொன்ன மனிதர் அவர்.

நபி (ஸல்) தாமே ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுத்தார்கள். தக்பீர் சொன்னார். இரண்டு ஷஹாதத்தையும் சொன்னார். அந்த இடத்தில் நபி (ஸல்), "திரும்பிப் போ, குரலை நீட்டிச் சொல்" என்றார்கள். அவர் திரும்பவும் ஷஹாதத்தை உரக்கச் சொன்னார், பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். முடிந்ததும் கொஞ்சம் வெள்ளி இருந்த ஒரு பையைக் கொடுத்து, அவருடைய நெற்றியிலும் முகத்திலும் மார்பிலும் கையால் தடவி துஆ செய்தார்கள். இருந்த வெறுப்பெல்லாம் அத்தோடு போய்விட்டது என்கிறார். "மக்காவில் பாங்கு சொல்ல என்னை நியமியுங்கள்" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நபியின் கை பட்ட முன்முடியை அதற்குப் பிறகு அவர் வெட்டவே இல்லை. மக்காவில் அவர் சொன்னது 19 வரிப் பாங்கு. அவருக்குப் பின் அவருடைய மக்களும் பேரன்மாரும் அங்கே அதையே சொல்லிவந்தார்கள்.

இமாம்கள் மாறுபட்டது இந்த இடத்தில்தான், தம்பி. "திரும்பிப் போ, குரலை நீட்டிச் சொல்" என்ற அந்த வார்த்தை பாங்கின் ஒரு பகுதியா, அன்றைக்கு அந்த வாலிபருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் ஒரு படியா?

ஹனஃபி இமாம்கள் பாடம் என்றார்கள். அவருக்கு ஷஹாதத் சொல்ல மனமில்லை, அதனால் குரல் எழும்பவில்லை. எழும்பாததால்தான் திரும்பச் சொல்லச் சொன்னார்கள் என்பது இமாம் தஹாவி (ரஹ்) போன்றோர் தரும் விளக்கம். நபி அவருக்குச் சொன்னது கற்பித்தல், அவர் அதைப் பாங்கின் தர்ஜீஉ என்று எடுத்துக்கொண்டார் என்று ஹிதாயாவில் மர்கீனானி (ரஹ்) எழுதியிருக்கிறார். மதீனாவில் பிலால் (ரலி) வருடக்கணக்காகச் சொன்ன பாங்கில் அது இல்லை என்பது அவர்களுடைய பெரிய ஆதாரம்.

ஷாஃபி தரப்பின் பதிலும் வலுவானதுதான். அது வெறும் பாடம் என்றால், அபூ மஹ்தூரா மக்காவில் கஅபாவுக்குப் பக்கத்தில் நின்று தினம் ஐந்து வேளை 19 வரி சொன்னாரே, அது தப்பு என்று ஒருவர்கூடத் திருத்தவில்லையே என்று கேட்கிறார்கள். இமாம் ஷாஃபி (ரஹ்) மக்காவில் வளர்ந்தவர். அபூ மஹ்தூராவின் வம்சத்தில் வந்த இப்ராஹீம் என்பவர் அதே முறையில் பாங்கு சொன்னதைத் தாமே நேரில் கண்டதாக உம்மு என்ற தம் நூலில் எழுதியிருக்கிறார். சிறுவயதிலிருந்து ஹரமில் காதால் கேட்ட பாங்கை ஒரு இமாம் எப்படி விடுவார்? இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் வளர்ந்தவர். அங்கே ஸஹாபாக்களின் மாணவர்கள் வழியாக வந்தது தர்ஜீஉ இல்லாத பாங்கு. இமாம் மாலிக் (ரஹ்) மதீனாவில் தம் காலத்தில் நடைமுறையில் இருந்ததை எடுத்தார். அதில் தர்ஜீஉ உண்டு, ஆனால் ஆரம்பத் தக்பீர் நான்குக்குப் பதில் இரண்டு, ஆக 17 வரி. ஒவ்வொருவரும் தம் ஊரில் தமக்கு முன்னால் இருந்தவர்களின் வாயிலிருந்து கேட்டதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இமாம் அஹ்மத் இப்னு ஹம்பல் (ரஹ்) சொன்ன பதில். அவர் பிலாலின் பாங்கைத்தான் தேர்ந்தெடுத்தார். ஒருவர் அவரிடம், "அபூ மஹ்தூராவுக்குக் கற்றுக்கொடுத்தது மக்கா வெற்றிக்குப் பிறகு நடந்தது, அப்படியென்றால் அதுதானே பிந்தியது?" என்று கேட்டார். பிந்தியது முந்தியதை மாற்றிவிடும் என்ற நியாயத்தில் கேட்ட கேள்வி. அதற்கு இமாம், "நபி (ஸல்) அதற்குப் பிறகு மதீனாவுக்குத் திரும்பி, பிலாலை அப்துல்லாஹ் இப்னு ஜைதின் பாங்கிலேயே விட்டுவைக்கவில்லையா?" என்றார். மக்காவில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, மதீனாவில் இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது, இரண்டையும் நபி (ஸல்) அறிவார்கள், எதையும் நிறுத்தவில்லை. இமாம் அஹ்மத் தர்ஜீஉ சொல்பவரையும் குறை சொல்லவில்லை.

இனி இகாமத். பெரியவர் "இன்னொரு பாங்கா" என்று கேட்டதற்கு அர்த்தம் இருக்கிறது. நம்முடைய இகாமத் பாங்கின் 15 வரியும் அப்படியே வந்து, ஃபலாஹ்வுக்குப் பிறகு கத் காமதிஸ் ஸலாஹ் இரண்டு சேர்ந்து 17. ஷாஃபியில் ஆரம்பத் தக்பீர் இரண்டு, ஷஹாதத் ஒவ்வொன்றும் ஒரு தடவை, ஹய்ய இரண்டும் ஒவ்வொரு தடவை, கத் காமதிஸ் ஸலாஹ் இரண்டு, தக்பீர் இரண்டு, கலிமா ஒன்று. மொத்தம் 11. நான் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் அஸருக்கு இகாமத் சொல்ல நின்றேன். மூன்றாவது தக்பீர் சொன்னதுமே பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாங்கை மறந்து இப்போதுதான் சொல்கிறேன் என்று நினைத்து ஒருவர் வரிசையிலிருந்து விலகி உட்காரப் போனார். அதனால் பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இகாமத்துக்கு ஆதாரம் எங்கே என்று பார்த்தால் ஒரு அருமையான விஷயம் தெரியவரும். அபூ மஹ்தூரா (ரலி), "நபி எனக்குப் பாங்கை 19 சொல்லாகவும் இகாமத்தை 17 சொல்லாகவும் கற்றுக்கொடுத்தார்கள்" என்கிறார். அந்த 19 ஷாஃபிகளிடம் இருக்கிறது, 17 நம்மிடம் இருக்கிறது. பிலாலுக்குப் பாங்கை இரட்டையாகவும், கத் காமதிஸ் ஸலாஹ் தவிர இகாமத்தை ஒற்றையாகவும் சொல்லக் கட்டளையிடப்பட்டது என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த ஒற்றை இகாமத் ஷாஃபிகளிடம், தர்ஜீஉ இல்லாத பிலாலின் பாங்கு நம்மிடம். அதாவது பட்டாம்பிப் பள்ளியில் அபூ மஹ்தூராவின் பாங்கும் பிலாலின் இகாமத்தும் ஒலிக்கின்றன. புதுநகரத்துப் பள்ளியில் பிலாலின் பாங்கும் அபூ மஹ்தூராவின் இகாமத்தும் ஒலிக்கின்றன. இரண்டு ஸஹாபாக்களும் இரண்டு பள்ளியிலும் இருக்கிறார்கள். இதை முதல்முறை கிதாபில் எண்ணிப் பார்த்த அன்று நான் வெகுநேரம் கிதாபை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாலக்காட்டில் இதை "தமிழன் பாங்கு, மலையாளி பாங்கு" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படி நினைக்காதீர்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் தமிழ் ஊர்கள், அங்கே ஷாஃபி. கடல் வழியாக அரபு வணிகர்கள் வந்து இறங்கிய கரையெல்லாம் பெரும்பாலும் ஷாஃபி ஆயிற்று, அது மலபாரானாலும் சோழமண்டலமானாலும். நாம் ராவுத்தர்கள் உள்நாட்டு ஆட்கள், குதிரையோடு தொடர்புள்ள பெயர் நம் பெயர். ஹனஃபி மத்ஹபும் நமக்குத் தரை வழியில் வந்தது. வாளையாறு கணவாய் வழியாக நாம் இந்தப் பக்கம் வந்தோம், கடற்கரையிலிருந்து ஆற்றோரமாக மாப்பிள்ளைமார் மேலே வந்தார்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம், அதனால்தான் நமக்கு மட்டும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அஸர் பாங்கும் இப்படித்தான். ஷாஃபி பள்ளியில் கேட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஹனஃபி பள்ளியில் கேட்கும். அது நிழல் அளக்கிற கணக்கில் வந்த வேறு விஷயம், இன்னொரு தடவை எழுதுகிறேன்.

சரி, நாளைக்குச் சுப்ஹுக்கு நீங்கள் என்ன செய்வது? பாங்கு அந்த மஹல்லாவுக்காகச் சொல்வது. அவர்கள் வழக்கப்படி சொல்லுங்கள். ஹனஃபி ஒருவர் தர்ஜீஉ செய்தால் பாங்கு கெடாது. நம் இமாம்கள் அது சுன்னத் இல்லை என்றார்களே தவிர பாங்கை முறிக்கும் என்று சொல்லவில்லை. 11 வரி இகாமத்தும் அப்படியே. உங்கள் மத்ஹபை விட்டதாக ஆகாது.

ஆனால் சொல்வதென்றால் சரியாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் சொல்லும் ஹனஃபிப் பிள்ளைகள் செய்கிற ஒரு பிழை இருக்கிறது. முதல் ஷஹாதத்தை மெதுவாக இரண்டு தடவை, உடனே அதையே சத்தமாக இரண்டு தடவை, பிறகு இரண்டாவது ஷஹாதத்தை மெதுவாக, பிறகு சத்தமாக என்று பிரித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இரண்டு ஷஹாதத்தையும் சேர்த்து நான்கு வரியையும் மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் முதல் ஷஹாதத்துக்குத் திரும்பி நான்கையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அபூ மஹ்தூரா அப்படித்தான் சொன்னார். மெதுவாகச் சொல்லும்போது மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நில்லுங்கள், ஆனால் மனதுக்குள் மட்டும் சொல்லிவிடாதீர்கள். முன் வரிசைக்குக் கேட்க வேண்டும். அவசரமாக விழுங்கவும் வேண்டாம், பெரியவர் காது கூர்மையானது.

இன்னொன்று மத்ஹப் எதுவானாலும் பொருந்தும், இதைப் பார்ப்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ராகம் இழுக்கும்போது இழுக்கக்கூடாத இடத்தில் இழுக்காதீர்கள். அல்லாஹ் என்பதில் "லா"வை நீட்டலாம். முதல் "அ"வை நீட்டி "ஆல்லாஹு" என்றால் அது கேள்வியாகிவிடும், அல்லாஹ்வா பெரியவன் என்று கேட்பது போல. அக்பர் என்பதை "அக்பார்" என்று நீட்டினால் அரபியில் அது கபர் என்ற முரசின் பன்மை. நல்ல குரல் உள்ள பிள்ளைகள்தான் இந்த இரண்டிலும் விழுகிறார்கள், ஏனென்றால் குரல் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் பாங்கை செல்போனில் பதிந்து நீங்களே ஒரு தடவை கேளுங்கள். அக்பரின் "ப" வந்ததும் "ர்" சட்டென்று வந்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இகாமத்தில் வேகம் வேண்டும். பாங்கு நிறுத்தி நிறுத்தி, இகாமத் கடகடவென்று. இதில் இரண்டு மத்ஹபுக்கும் பேதமில்லை. நம் ஊரில் ஹய்ய அலல் ஃபலாஹ் சொல்லும்போது எழுந்து பழகியிருப்பீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இகாமத் முழுதும் முடிந்தபின் எழுவதே மத்ஹபின் முறை. யாராவது எழவில்லை என்றால் அது அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம்.

சுப்ஹில் ஃபலாஹ்வுக்குப் பிறகு அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம் இரண்டு தடவை, அது நீங்கள் ஏற்கெனவே சொல்வதுதான், அங்கேயும் அதே இடம், அதே சொல். ஆக முக்ரி தேறி வருகிறவரை பட்டாம்பியில் சுப்ஹுப் பாங்கு 21 வரி, இகாமத் 11. பெருநாள் லீவில் ஊருக்கு வந்து நம் பள்ளியில் நின்றால் பாங்கு 17, இகாமத்தும் 17.